ஒப்புக்கொண்ட வேலையில் சேராமல் விலகுதல்: ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட நிகழ்வு, ஏழாண்டு அனுபவமுள்ள ஒரு மென்பொருள் சோதனைப் பொறியாளருடையது. அவர் ஒரு நிறுவனத்தின் ஆஃபர் லெட்டரில் கையெழுத்திட்டு, அப்போது பணியாற்றிக்கொண்டிருந்த இடத்தில் ராஜினாமாவும் கொடுத்துவிட்டு, நோட்டீஸ் காலத்தை முடித்துக்கொண்டிருந்தார். அந்த நேரத்தில் வேறொரு நிறுவனத்திலிருந்து மேலான வாய்ப்பு வந்தது. கையெழுத்திட்ட நாளிலிருந்து எண்ணினால் அறுபதாவது நாள் பணியில் சேர வேண்டும். 46ஆவது நாளில் அவர் விலகல் கடிதம் அனுப்பினார். விலகலாமா கூடாதா என்ற கேள்வியைச் சுற்றி நிறைய பேசப்பட்டுவிட்டது. இந்த நிகழ்வில் கவனிக்கத்தக்கது வேறொன்று: விலகுவது என்று மனத்தில் முடிவான நாளுக்கும் அதை வெளியே சொன்ன நாளுக்கும் இடையில் எட்டு நாள்கள் சென்றன. அந்த எட்டு நாள்களில் எதற்காகக் காத்திருந்தார், அந்தக் காத்திருப்பின் செலவு யார் தலையில் விழுந்தது என்பதைப் பார்த்தால், இத்தகைய விலகல் எப்போது தாங்கக்கூடியதாகவும் எப்போது சேதமாகவும் ஆகிறது என்பது விளங்கும். சம்பந்தப்பட்டவர்கள் அடையாளம் காணப்படாதிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

முதல் நிறுவனத்தின் வேலை ஒரு கன்சல்டன்சி மூலம் வந்தது. இரண்டாம் நிறுவனத்தின் வாய்ப்பு புதியதாக முளைத்ததன்று. முதல் நிறுவனத்தில் நேர்காணல் தொடங்குவதற்கு முன்பே இரண்டாம் நிறுவனத்தில் இரண்டு சுற்றுகள் முடித்திருந்தார். அதன்பின் அங்கு ஆள்சேர்ப்பு நிறுத்திவைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னார்கள். பிறகு பேச்சே இல்லை. நடைமுறையில் ஏற்புக்குப் பிந்திய விலகல்களில் பல இப்படித்தான் நேர்கின்றன. கையெழுத்திட்ட பிறகும் ஒருவர் புதிதாக வேலை தேடி அலைவதைவிட, முன்பு விதைத்து மறந்துபோன விண்ணப்பம் ஒன்று காலம் தப்பி முளைப்பதே அதிகம். ஏற்றுக்கொண்ட அன்றே, நிலுவையிலுள்ள மற்ற இடங்களுக்கெல்லாம் 'நான் வேறிடத்தில் சேரவிருக்கிறேன்' என்று ஒரு வரி எழுதிவிட்டால் இந்தச் சிக்கலில் பாதி எழாது. பொறியாளர் அதைச் செய்யவில்லை. நிறுத்திவைத்த இடம் மறுபடி திறக்கும் என்று அவர் எதிர்பார்க்கவில்லை.

34ஆவது நாளில் இரண்டாம் நிறுவனத்திலிருந்து அழைப்பு வந்தது. வேலை சோதனைப் பொறியாளர் பணியாக இல்லாமல், ஆறு பேர் கொண்ட சோதனை அணியை வழிநடத்தும் பொறுப்பாக மாறியிருந்தது. நிலையான சம்பளம் முதல் நிறுவனம் சொன்னதைவிட ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு கூடுதல். சம்பளம் மட்டுமே காரணமாக இருந்திருந்தால் தாம் நகர்ந்திருக்க மாட்டார் என்று அவர் பின்னர் சொன்னார். அதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. ஆனாலும் பொறுப்பில் இருந்த வேறுபாடு உண்மையானது. முதல் நிறுவனத்தில் அணித்தலைமைக்கு வர இரண்டு மூன்று ஆண்டுகளாவது ஆகியிருக்கும்.

அந்த அழைப்பிலேயே அவர் ஒன்றைச் சரியாகச் செய்தார். வேறொரு நிறுவனத்தின் வேலையை எழுத்துப்பூர்வமாக ஏற்றிருப்பதையும் சேரும் நாளையும் இரண்டாம் நிறுவனத்திடம் வெளிப்படையாகச் சொன்னார். அவர்கள் அந்த ஆஃபர் லெட்டரின் நகலைக் கேட்டார்கள். சம்பளத்தைச் சரிபார்க்கத்தான் என்றார்கள். அவர் நகலை அனுப்ப மறுத்தார். சம்பளத் தொகையையும் சேரும் நாளையும் வாயால் சொன்னதோடு நிறுத்திக்கொண்டார். கடிதத்தின் உள்ளடக்கத்தை வெளியிடக் கூடாது என்று அக்கடிதத்திலேயே ஒரு வரி இருந்தது. வேலையில் சேராமல் போவது ஒரு விஷயம். சேராததோடு இரகசியக் காப்பையும் மீறினார் என்ற பேச்சுக்கு இடம் கொடுப்பது வேறு விஷயம்.

38ஆவது நாளில் இறுதிச் சுற்று முடிந்தது. மாலையில் தொலைபேசி வந்தது: "உங்களைத் தேர்ந்தெடுத்துவிட்டோம், லெட்டர் வந்துகொண்டே இருக்கிறது, அங்கே சொல்லிவிடுங்கள்." மனத்தளவில் அவர் முதல் நிறுவனத்தை விட்டு விலகியது அன்றுதான். அன்றிரவே முதல் நிறுவனத்துக்குச் சொல்லிவிட வேண்டும் என்று அவருக்குத் தோன்றியது. நேர்மையான மனிதருக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அன்று அவர் கையில் இருந்தது ஒரு வாய்மொழிச் சொல் மட்டுமே. அதே நிறுவனம் ஒருமுறை இதே பணியிடத்தை நிறுத்திவைத்ததும் அவருக்கு நினைவிருந்தது.

கடிதம் 43ஆவது நாளில் வந்தது. அதை வாசித்தபோது வாய்மொழியில் இல்லாத இரண்டு நிபந்தனைகள் தெரிந்தன. முந்தைய பணி அனுபவம் சரிபார்க்கப்பட வேண்டும்; முன்னாள் மேலதிகாரிகள் இருவரின் பரிந்துரை திருப்தியாக அமைய வேண்டும். 'இவை நிறைவேறாவிடில் இந்நியமனம் செல்லாது' என்று எழுதியிருந்தது. கையில் கடிதம் கிடைத்துவிட்டது என்று எண்ணி முதல் இடத்தைக் கைவிடுபவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான். நிபந்தனையுள்ள கடிதம், நிபந்தனை நிறைவேறும்வரை நிறுவனத்துக்கு வெளியேறும் கதவைத் திறந்தே வைத்திருக்கிறது. முதல் வேலையும் போய், பழைய வேலையிலிருந்தும் விலகி, இரண்டாவதும் சரிபார்ப்பில் சிக்கினால் மூன்றும் இல்லை. பரிந்துரை தருபவர் ஊரில் இல்லாததும், பழைய நிறுவனம் மூடப்பட்டிருப்பதும், பணிக்கால மாதங்கள் ஒன்றிரண்டு பொருந்தாததும் போன்ற சாதாரணக் காரணங்களே சரிபார்ப்பை வாரக்கணக்கில் இழுத்துவிடும்.

பொறியாளர் இரண்டாம் நிறுவனத்தின் மனிதவளப் பிரிவுக்கு எழுதி, சரிபார்ப்பை உடனே தொடங்கும்படியும், முடிந்ததும் அதை எழுத்தில் தெரிவிக்கும்படியும் கேட்டார். தமக்கு முதல் நிறுவனத்தில் சேரும் நாள் நெருங்குகிறது என்றும், அவர்களை இருட்டில் வைத்திருக்க விரும்பவில்லை என்றும் காரணம் சொன்னார். பரிந்துரைக்குரிய இருவரையும் தாமே அழைத்து, அழைப்பு வரும் என்று சொல்லிவைத்தார். 46ஆவது நாள் காலை, 'சரிபார்ப்பு நிறைவடைந்தது, நியமனம் உறுதி' என்ற மின்னஞ்சல் வந்தது. அன்று முற்பகலிலேயே முதல் நிறுவனத்தை அழைத்தார்.

எட்டு நாள்கள் முதல் நிறுவனத்திடம் சொல்லாமல் இருந்தது சரியா என்ற கேள்விக்கு என் பதில் ஆம் என்பதே. ஆனால் ஒரு நிபந்தனையுடன். அந்த நாள்களில் முதல் நிறுவனம் அவரை நம்பி மீளமுடியாத எதையும் செய்யவிருக்கிறதா என்பதை அவர் கவனித்திருக்க வேண்டும். அவர் கவனித்தார் என்பதற்குத் தடயம் உண்டு. அவருக்கு மேலாளராக வரவிருந்த அணித்தலைவர் நேர்காணலுக்குப் பிறகு பேசும்போது, "இப்போது இந்த வேலையைப் பார்க்கிறவர் ஒப்பந்தத்தில் இருப்பவர், அவர் இருக்கும்போதே நீங்கள் பொறுப்பை வாங்கிக்கொண்டால் நல்லது" என்று சொல்லியிருந்தார். போகிற போக்கில் சொன்ன அந்த வாக்கியம்தான் இந்த நிகழ்வின் மையம்.

வேலையை ஏற்றவர்கள் பெரும்பாலும் தாம் சேரும் நாளையே கெடுவாகக் கருதுகிறார்கள். சேரும் நாளுக்கு முன் சொல்லிவிட்டால் போதும் என்று நினைக்கிறார்கள். நிறுவனத்துக்கோ உண்மையான கெடு வேறொரு நாளாக இருக்கும். அது வெளியே தெரியாது. ஒப்பந்தப் பணியாளரின் நீட்டிப்பைக் கேட்க வேண்டிய கடைசி நாளாக இருக்கலாம். தேர்வில் இரண்டாமிடம் பெற்றவர் வேறிடத்தில் கையெழுத்திடும் நாளாக இருக்கலாம். பயிற்சித் தொகுப்பில் பெயர்களை இறுதி செய்யும் நாளாக இருக்கலாம். வேறு நாட்டிலிருந்து ஆளை வரவழைக்கும் வேலையாக இருந்தால், பணி அனுமதிக்கு விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்தும் நாளாக இருக்கும். இந்த நிறுவனத்தில் அது, ஒப்பந்தப் பணியாளரின் நீட்டிப்பைக் கோருவதற்கான நாள். அவருடைய ஒப்பந்தம், பொறியாளர் சேர்ந்து பத்து நாள் கழித்து முடிவதாக இருந்தது; நீட்டிக்க வேண்டுமானால் முடிவதற்கு இருபது நாள்களுக்கு முன் சொல்ல வேண்டும். அதாவது 50ஆவது நாள். விலகல் 46ஆவது நாளில் வந்ததால் நான்கு நாள் மிச்சம் இருந்தது. நீட்டிப்பைக் கேட்டார்கள், கிடைத்தது, அந்தக் காலாண்டின் வெளியீடு தள்ளிப்போகவில்லை. இதே விலகல், பலரும் செய்வதுபோல, சேரவேண்டிய நாளுக்கு முந்தின மாலையில் வந்திருந்தால் ஒப்பந்தப் பணியாளர் வேறிடம் ஒப்புக்கொண்டு போயிருப்பார்.

இரண்டாமிடம் பெற்ற விண்ணப்பதாரரின் கதை இதற்கு மாறானது. முதல் நிறுவனம் விலகல் வந்த அன்றே அவரைத் தொடர்புகொண்டது. அவர் மூன்றாவது வாரத்திலேயே வேறிடத்தில் ஒப்புக்கொண்டுவிட்டிருந்தார். ஆகவே பொறியாளர் 38ஆவது நாளிலேயே சொல்லியிருந்தாலும் அந்தவகையில் பலன் இருந்திருக்காது. 'சீக்கிரம் சொல்லியிருந்தால் அடுத்தவரை எடுத்திருப்போமே' என்று நிறுவனங்கள் வழக்கமாகச் சொல்வதில் எப்போதும் உண்மை இருப்பதில்லை. தேர்வு முடிந்து சில வாரங்களில் அந்த வரிசை கலைந்துவிடும்.

இனி கையெழுத்திட்ட கடிதத்துக்கு வருவோம். விலகல் தொலைபேசிக்கு முன் அவர் அதை இரண்டுமுறை வாசித்தார்; குறிப்பாக மூன்று இடங்களை. ஒன்று, நோட்டீஸ் பற்றிய வரி. அதில் 'பணியில் சேர்ந்த நாளிலிருந்து, இருதரப்பில் எவரும் ஒரு மாத முன்னறிவிப்புடன் ஒப்பந்தத்தை முடித்துக்கொள்ளலாம்' என்று இருந்தது. சேர்ந்த நாளிலிருந்து என்பதால், சேராத நிலையில் அந்த ஒரு மாதக் கணக்கு அவரைக் கட்டுப்படுத்தவில்லை என்று படிக்க இடமிருந்தது. சில கடிதங்களில் இதே வரி 'கையெழுத்திட்ட நாளிலிருந்து' என்று தொடங்கும். அப்போது சேர்வதற்கு முன்பே நோட்டீஸ் கொடுக்கும் கடமை உண்டாகிவிடுகிறது. சேரும் நாளும் நோட்டீஸ் காலத்துக்குள் வந்தால், கடிதப்படி சில நாள்களாவது வேலைக்குப் போக வேண்டியவராகிறார். ஒரு சொற்றொடர் வேறுபாட்டில் நிலைமை தலைகீழாகிறது என்பதால் இந்த வரியை நினைவிலிருந்து சொல்லாமல் தாளை எடுத்து வாசிக்க வேண்டும்.

இரண்டாவது, பணம். சேர்க்கை ஊக்கத்தொகை ஒன்று உறுதியளிக்கப்பட்டிருந்தது. அது முதல் மாதச் சம்பளத்தோடுதான் தரப்படும் என்பதால் அவர் கைக்கு வரவில்லை. வந்திருந்தால் கேட்கும் முன்பே திருப்பியிருக்க வேண்டும். மூன்றாவது, சேராமல் போனால் இழப்பீடு என்று ஏதாவது எழுதியிருக்கிறதா என்பது. இந்தக் கடிதத்தில் அப்படி இல்லை. இருந்திருந்தால், அந்நாட்டுச் சட்டம் அறிந்த ஒருவரிடம் கடிதத்தைக் காட்டாமல் விலகல் மின்னஞ்சலை அனுப்பியிருக்கக் கூடாது. இத்தகைய வரிகள் எந்த அளவுக்குச் செல்லும் என்பது நாட்டுக்கு நாடு மாறுகிறது.

சட்டத்தைப் பற்றிய பயம் இங்கே இரு துருவங்களாக இருக்கிறது. சேரும் வரை எதுவும் ஒப்பந்தமில்லை என்று சிலர் நினைக்கிறார்கள். கையெழுத்திட்டால் சிறைக்குச் செல்வதுபோலச் சேர்ந்தே தீர வேண்டும் என்று வேறு சிலர் நினைக்கிறார்கள். இரண்டும் தவறு என்பதை ஆங்கிலப் பொதுச்சட்ட மரபின் பழைய வழக்குகளே காட்டுகின்றன. 1852 ஏப்ரலில் ஹாக்ஸ்டர் என்ற பயண உதவியாளரை டி லா டூர் என்பவர் வேலைக்கு அமர்த்தினார். ஜூன் 1ஆம் தேதி வேலை தொடங்க வேண்டும். மே 11ஆம் தேதி, நீர் வேண்டாம் என்று கடிதம் வந்தது. ஹாக்ஸ்டர் ஜூன் பிறக்கக் காத்திராமல் மே 22ஆம் தேதியே வழக்குத் தொடுத்தார். வேலை தொடங்கும் நாள் வரவில்லையே, அதற்குள் வழக்கா என்று எதிர்த்தரப்பு வாதாடியது. 1853இல் நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. நாள் வருமுன்பே 'நிறைவேற்ற மாட்டேன்' என்று ஒருவர் சொன்னால் அப்போதே ஒப்பந்த மீறல் ஆகிவிடுகிறது என்றது. அந்த வழக்கில் பின்வாங்கியவர் வேலை கொடுத்தவர். தர்க்கம் வேலை ஏற்றவருக்கும் பொருந்தும். ஆக, சேரும் நாளுக்கு முன் என்பதால் மட்டும் விலகல் ஒன்றுமில்லாததாகிவிடாது.

மறுபக்கத்தையும் அதே காலம் தந்தது. பாடகி யோஹானா வாக்னர், லண்டனில் லம்லி நடத்திய அரங்கில் மட்டுமே பாடுவதாக ஒப்புக்கொண்டு, பின் போட்டி அரங்கை நடத்திய கை என்பவர் கூடுதல் தொகை தர முன்வந்ததால் அங்கு செல்ல முனைந்தார். நம் நிகழ்வின் அமைப்பே அதுதான். 1852இல் நீதிமன்றம் அவரை லம்லியிடம் பாடும்படி கட்டாயப்படுத்தவில்லை. கட்டாயப்படுத்த முடியாது என்றே கருதியது. வேறு அரங்கில் பாடக் கூடாது என்று மட்டும் தடைவிதித்தது. அதுவும் அவர் அந்தத் தனியுரிமையை எழுத்தில் ஒப்புக்கொண்டிருந்ததால். தனிமனித உழைப்பை வற்புறுத்தி வாங்குவதில்லை என்ற கொள்கை இன்றும் பல நாடுகளில் தொடர்கிறது. நிறுவனம் கேட்கக்கூடியது பெரும்பாலும் தான் உண்மையில் அடைந்த இழப்பை மட்டும். சாதாரணப் பணியிடத்தில் அந்த இழப்பை எண்ணிக் காட்டுவதும் கடினம், வழக்கு நடத்தும் செலவு அதைவிட அதிகம் என்பதால் நிறுவனங்கள் பெரும்பாலும் நீதிமன்றம் போவதில்லை. அதே விவகாரத்தின் அடுத்த வழக்கு, 1853இல், லம்லி அந்தக் கை என்பவர் மீதே தொடுத்தது. பிறருடைய ஒப்பந்தத்தை அறிந்தே தூண்டி முறிக்கச் செய்தவர் மீதும் வழக்குத் தொடுக்க இடமுண்டு என்று அதில் தீர்ப்பாயிற்று. இரண்டாம் நிறுவனம், "அங்கே நாங்கள் சொல்லித்தான் விலகுவதாக எழுதவேண்டாம்" என்று பொறியாளரிடம் கேட்டுக்கொண்டதற்குப் பின்னால் அந்தப் பழைய நிழல் இருந்திருக்கலாம்.

தொலைபேசி அழைப்பு சுருக்கமாக முடிந்தது. அவர் மனிதவள அதிகாரியிடம், "மேடம், நான் உங்கள் நிறுவனத்தில் சேர இயலாத நிலையில் இருக்கிறேன். வேறொரு பொறுப்பை ஏற்றுக்கொண்டுவிட்டேன். மின்னஞ்சல் அனுப்புவதற்கு முன் உங்களிடம் நேரில் சொல்ல வேண்டும் என்று அழைத்தேன்" என்றார். மறுமுனையில், சம்பளம்தான் காரணமா, அதைப் பேசித் தீர்க்கலாமே என்று கேட்டார்கள். அவர் இதை எதிர்பார்த்து முன்பே முடிவு செய்திருந்தார்: "இல்லை மேடம், முடிவு செய்த பிறகுதான் அழைத்தேன். உங்களைக் கூடுதலாகக் கேட்பது எனக்குச் சரியாகப் படவில்லை." இந்த இடத்தில் தயங்கினால் விலகல் பேரமாக மாறும். பேரமாக மாறி வென்றாலும், மிரட்டிச் சம்பளம் வாங்கியவர் என்ற பெயருடன் முதல் நாள் உள்ளே போக வேண்டியிருக்கும். உண்மையிலேயே முதல் நிறுவனத்தில் தங்க விருப்பமிருந்தால், அந்தப் பேச்சை இரண்டாம் நிறுவனத்துக்கு ஒப்புதல் சொல்வதற்கு முன் நடத்த வேண்டும்; பின்னால் நடத்தினால் இரு நிறுவனங்களிடமும் சொல் தவறியவராகிவிடுவார். எந்த நிறுவனம் என்று கேட்டபோது பெயர் சொல்லவில்லை. சேர்ந்த பிறகு தெரியத்தான் போகிறது. ஆனாலும் அந்த நேரத்தில் சொல்வதால் யாருக்கும் பயனில்லை.

அழைப்பு முடிந்த அரை மணி நேரத்துக்குள் மின்னஞ்சல் சென்றது. அது பின்வருமாறு:

'மதிப்பிற்குரிய மேடம், இன்று முற்பகல் தொலைபேசியில் தெரிவித்தபடி, சோதனைப் பொறியாளர் பணிக்கு நான் அளித்த ஒப்புதலைத் திரும்பப் பெறுகிறேன்; குறித்த நாளில் பணியில் சேர மாட்டேன். வேறொரு பொறுப்பை ஏற்றதே காரணம். நீங்கள் அனுப்பிய மடிக்கணினி பிரிக்கப்படாமல் என்னிடம் உள்ளது. திருப்பி அனுப்ப வேண்டிய முகவரியைத் தெரிவித்தால் இவ்வாரத்திலேயே என் செலவில் அனுப்பிவைக்கிறேன். என் பெயரில் தற்காலிகத் தங்குமிடம் பதிவாகியிருந்தால், ரத்து செய்வதில் ஏற்படும் கட்டணத்தைத் தெரிவிக்க வேண்டுகிறேன். என் தேர்வுக்காக நீங்களும் அணித்தலைவரும் செலவிட்ட நேரத்துக்கு நன்றி. ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறேன். இக்கடிதம் கிடைத்ததை உறுதிசெய்யக் கேட்டுக்கொள்கிறேன்.'

இந்தக் கடிதத்தில் உள்ளவற்றைவிட இல்லாதவை கவனிக்கத்தக்கவை. குடும்பச் சூழல், உடல்நலம் என்று எந்தப் பொய்க் காரணமும் இல்லை. ஒரே துறையில் இருப்பவர்கள் சில மாதங்களில் உண்மையை அறிந்துவிடுவார்கள். விலகலை மன்னித்தவர்களும் பொய்யை மன்னிப்பதில்லை. புதிய இடத்தின் சம்பளமோ பெருமையோ இல்லை. 'சேர இயலுமா என்று யோசிக்கிறேன்' போன்ற ஊசலாட்டமும் இல்லை. நிறுவனம் அடுத்த வேலையைத் தொடங்க, சேர மாட்டார் என்ற உறுதியான வாக்கியமே தேவை. தங்குமிடக் கட்டணத்தைத் தாமாகவே முன்வந்து கேட்டது நான் பார்த்த விலகல் கடிதங்களில் அரிதான வரி. நிறுவனம் அதைப் பின்னர் கேட்கவில்லை. கேட்காமல் விட்டதற்கும் அந்த வரிக்கும் தொடர்பு உண்டு என்றே நினைக்கிறேன்.

கன்சல்டன்சியை அவர் இரண்டாவதாகத்தான் அழைத்தார். இது வேண்டுமென்றே செய்த வரிசை. ஆளைச் சேர்த்துவிட்ட பிறகே நிறுவனத்திடம் கட்டணம் பெறும் முகவருக்கு, சேராமல் போனால் மாதக்கணக்கான உழைப்பு வீண். அவரிடம் முதலில் சொன்னால், "நிறுவனத்திடம் இப்போது சொல்லாதீர்கள், நான் பேசிப் பார்க்கிறேன்" என்பார். அந்தப் பேச்சில் நான்கைந்து நாள் கரையும். இந்த நிகழ்வில் மிச்சமிருந்ததே நான்கு நாள். முகவர் கோபப்பட்டார். இனி எந்த நிறுவனத்துக்கும் உங்கள் பெயரை அனுப்ப முடியாது என்றார். அதைச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. முழு இழப்பும் அவருடையது. முகவரிடம் கடன்பட்ட உணர்வுள்ளவர்கள் செய்யக்கூடியது, நிறுவனத்திடம் பேசி முடித்த அதே மணி நேரத்தில் அவரிடமும் சொல்லிவிடுவதுதான். நிறுவனம் வாயிலாக அவர் கேள்விப்பட நேர்வது இன்னும் மோசம்.

அணித்தலைவருக்கு அன்று மாலை தனியாக ஒரு மின்னஞ்சல் எழுதினார். அதில் ஒப்பந்தப் பணியாளரைப் பற்றி அவர் முன்பு சொன்னது நினைவிருப்பதாகவும், நீட்டிப்பு ஏற்பாட்டுக்கு நேரம் இருக்கும்போதே சொல்லிவிட நினைத்ததாகவும் ஒரு வரி இருந்தது. பதில் மறுநாள் வந்தது, மூன்றே சொற்களில்: 'புரிகிறது. வாழ்த்துகள். நன்றி.' அன்பு கொட்டும் பதில் அன்று. ஆனால் அந்த மனிதர் அப்போது நீட்டிப்புக்கான விண்ணப்பத்தை நிரப்பிக்கொண்டிருந்தார்.

இந்த முறையில் ஒரு பலவீனம் உண்டு. சரிபார்ப்பு 46ஆவது நாளில் முடியாமல் 55ஆவது நாள்வரை இழுத்திருந்தால் என்ன செய்திருப்பார் என்று கேட்டேன். 50ஆவது நாளன்று, சரிபார்ப்பு முடியாவிட்டாலும் முதல் நிறுவனத்திடம் சொல்லிவிடுவதாகவோ, இரண்டாம் நிறுவனத்தை விட்டுவிடுவதாகவோ, இரண்டில் ஒன்றை அன்று தேர்ந்தெடுக்கத் தீர்மானித்திருந்ததாகச் சொன்னார். எதைத் தேர்ந்தெடுத்திருப்பார் என்பதற்கு உறுதியான பதில் வரவில்லை. நான் அவர் இடத்தில் இருந்தால் இரண்டாவதை விட்டிருப்பேன். வாய்மொழியில் அவசரப்படுத்திவிட்டுக் கடிதத்தில் நிபந்தனை வைத்து, அதையும் ஏறத்தாழ இரண்டு வாரம் இழுக்கும் இடம், உள்ளே போன பிறகும் அப்படித்தான் நடந்துகொள்ளும். முதல் நிறுவனத்தில் சேர்ந்து ஒரு வாரத்தில் விலகுவது என்ற மூன்றாவது வழி பலருக்குப் பாதுகாப்பாகத் தோன்றுகிறது. நிறுவனத்துக்கு அதுவே மிகப் பெரிய சேதம்: ஒப்பந்தப் பணியாளர் போயிருப்பார், பயிற்சி தொடங்கியிருக்கும், சம்பளப் பட்டியலில் பெயர் ஏறியிருக்கும். அவருக்கும் ஒரு வாரப் பணி ஒன்று ஆவணத்தில் நிரந்தரமாக நின்றுவிடும்.

விலகலுக்குப் பின் செய்ய வேண்டியவற்றில் மறந்துபோகக்கூடியது ஒன்று இருந்தது. மடிக்கணினி அனுப்பும்போதே முதல் நிறுவனம் அவருக்கு ஊழியர் எண் உருவாக்கிவிட்டிருந்தது. அந்த எண் ரத்து செய்யப்படாமல் இருந்தால், சேரவேண்டிய நாளிலிருந்து அவர் அங்கே பணியில் இருப்பதாகவோ, சொல்லாமல் வராமல் போனதாகவோ பதிவு தொடரக்கூடும். பின்னாளில் வேறொரு நிறுவனத்தின் சரிபார்ப்பில் ஒரே காலத்தில் இரண்டு வேலை என்று அது தலைநீட்டும். மடிக்கணினி கிடைத்ததற்கான ரசீதுடன், ஊழியர் எண் ரத்தானதையும் பதிவில் 'சேரும் முன் விண்ணப்பதாரரே விலகினார்' என்று இருப்பதையும் எழுத்தில் உறுதிசெய்யுமாறு கேட்டார். ரசீது உடனே வந்தது. எண்ணைப் பற்றிய பதிலுக்கு மூன்று நினைவூட்டல்கள் தேவைப்பட்டன. அவர் இரண்டாம் நிறுவனத்தில் சேர்ந்து இரண்டாவது வாரத்தில், ஊழியர் எண் நீக்கப்பட்டது என்ற ஒற்றை வரி மின்னஞ்சல் வந்து சேர்ந்தது.